எலும்பு கரைந்து இயந்திரத்தை அடைத்த கதை

2009-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் நின்றுபோனது. அதன் நடுவே இருக்கும் உருளைக்குள் வெள்ளையாக ஒரு படிவு சேர்ந்து, கரைசல் ஓட வேண்டிய வழியை அடைத்திருந்தது. படிந்தது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், மேலே மிதந்துகொண்டிருந்தவர்களின் எலும்பில் போய் நிற்கிறது.

விண்வெளியைப் பற்றி நான் படித்ததில் என்னை இந்த அளவு பிடித்து வைத்த விஷயம் வேறு எதுவும் இல்லை. அதற்கு என் வேலையும் ஒரு காரணம். திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஆலையில் எவாப்பரேட்டர் பிரிவில் இருக்கிறேன். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவு நீரையும் வெளியே விடக்கூடாது என்பதுதான் எங்கள் ஊரில் தொழிலின் நிபந்தனை. ஆர்.ஓ.வில் முடிந்தவரை நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டு, மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சுவோம். எங்கள் தினசரித் தலைவலியின் பெயர் ஸ்கேல், அதாவது சூடான சுவரில் கல்லாக ஒட்டிக்கொள்ளும் உப்புப் படிவு. அதே தலைவலி, அதே கால்சியம் சல்பேட், தரைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரிலும் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அதில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு விண்வெளி வீரருக்குக் குடிக்க, சாப்பாட்டில் கலக்க, பல் துலக்க, உடம்பு துடைக்க எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வேண்டும். சுவாசிக்க சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை அறைக்குள் விடுகிறார்கள். 18 கிராம் தண்ணீரில் 16 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது, ஆகவே ஒருவருடைய ஒரு நாள் மூச்சுக்குக் கிட்டத்தட்ட 0.95 லிட்டர் தண்ணீர் செலவாகும். காற்றுக் கணக்கு தனி, தண்ணீர்க் கணக்கு தனி என்று அங்கே பிரிக்கவே முடியாது. தண்ணீர் நின்றால் காற்றும் இழுபறிக்கு வந்துவிடும்.

குடித்த தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பகுதி மூச்சிலும் வியர்வையிலும் காற்றில் கலந்துவிடுகிறது. குளிர்ந்த உலோகத் தகடுகள் மேல் அறைக் காற்றைச் செலுத்தினால் அந்த ஈரம் நீராக ஒதுங்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். இது ஓரளவு சுத்தமான நீர், இதை மீட்பது அவ்வளவு சிரமமில்லை. இன்னொரு பகுதி, ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், சிறுநீராக வெளியேறுகிறது. சிரமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. உப்பு, யூரியா, கால்சியம், உடல் வேண்டாம் என்று ஒதுக்கிய நூற்றுக்கணக்கான கரிமப் பொருட்கள் எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன.

இதற்கான இயந்திரங்கள் 2008 நவம்பரில் எண்டவர் விண்கலத்தில் மேலே போயின. நிலையத்தில் ஆறு பேர் தங்குவதற்கான ஏற்பாடு அது. அதுவரை மூன்று பேர் இருந்தார்கள், ஆறாக உயர்த்த வேண்டுமென்றால் தண்ணீர் மறுசுழற்சி இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை.

சிறுநீரைக் காய்ச்சும் பகுதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பூமியில் காய்ச்சுவது எளிது. பாத்திரத்தின் அடியில் சூடு காட்டினால் குமிழி மேலே வரும், ஆவி மேலே போகும், தண்ணீர் கீழே நிற்கும். எடையின்மையில் மேல் என்றும் கீழ் என்றும் எதுவுமில்லை. சூடாக்கினால் குமிழி அங்கேயே நிற்கும். ஆவியும் நீரும் கலந்த நுரைதான் மிஞ்சும், எது எது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒரு உருளையை நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவில் சுழற்றுகிறார்கள். சிறுநீர் உருளையின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது, ஆவி நடுவே வெற்றிடத்தில் சேர்கிறது. சுழற்சியே அங்கே கீழ் என்று ஒரு திசையை உண்டாக்கிக் கொடுக்கிறது.

உள்ளே காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடுவதால், நம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்திலேயே தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெஸர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தினால் சூடு ஏறும். சூடேறிய ஆவியை அதே உருளையின் வெளிச்சுவரில் மோதவிட்டால், அது அங்கே நீராகக் குளிர்ந்து, தன் வெப்பத்தைச் சுவர் வழியாக உள்ளே இருக்கும் சிறுநீருக்குக் கொடுத்துவிடுகிறது. ஆவியாக்கச் செலவழித்த வெப்பம் உடனே திரும்பக் கிடைக்கிறது, வெளியிலிருந்து தர வேண்டியது கம்ப்ரெஸரையும் உருளையையும் ஓட்டும் மின்சாரம்தான். எங்கள் ஆலையில் இருக்கும் எவாப்பரேட்டரும் இதே தத்துவம். எங்களுடையது இரண்டு மாடி உயரம், சுழல வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவி போன பிறகு மிஞ்சும் அடர்ந்த கரைசல் ஒரு தொட்டிக்குத் திரும்பிப் போய், புதுச் சிறுநீரோடு கலந்து, மறுபடி உருளைக்கு வரும். சுற்றச் சுற்ற அது அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஒரு அளவுக்கு மேல் போனதும் நிறுத்தி, தொட்டியை மாற்றுவார்கள். இந்த “ஒரு அளவு” எது என்பதுதான் கதையின் மையம்.

சிறுநீரைச் சும்மா வைத்தால் கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். அம்மோனியா ஆவியோடு சேர்ந்து தண்ணீருக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க, கழிவறையிலேயே, சிறுநீர் உள்ளே போன கையோடு, கந்தக அமிலமும் குரோமியம் டிரையாக்சைடும் கலந்த கரைசலைச் சேர்த்துவிடுகிறார்கள். ரஷ்யத் தயாரிப்பான கழிவறையோடு வந்த முறை இது. குரோமியம் கிருமியைக் கொல்கிறது, அமிலம் இருக்கும்வரை அம்மோனியா கரைசலை விட்டு எழாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கந்தக அமிலம் சேர்த்தால் சல்பேட்டும் சேருமே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமைத்தவர்கள் வைத்த இலக்கு 85 சதவீதம். உள்ளே போகும் 100 லிட்டர் சிறுநீரில் 85 லிட்டரை நீராக எடுத்துவிட வேண்டும். மிச்சம் 15. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் மார்ஷல் விண்வெளி மையத்தில் இதைச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே ஓடியது. தன்னார்வலர்கள் கொடுத்த உண்மையான சிறுநீரை வைத்துத்தான் சோதித்தார்கள், அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தன்னார்வலர்கள் தரையில் நடமாடுகிறவர்கள்.

எடையில்லாத இடத்தில் எலும்புக்குச் சுமக்க எதுவும் இல்லை. உடல் அதைத் தேவையில்லாத சொத்து என்று கருதிக் கரைக்கத் தொடங்குகிறது. இடுப்பு, தொடை போன்ற சுமை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தாது அடர்த்தி குறைவது பழைய பயணங்களில் அளந்து அறிந்த விஷயம். கரைந்த கால்சியம் இரத்தத்துக்கு வந்து, சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது. மேலே போகிறவர்கள் சரியாகத் தண்ணீர் குடிக்காமலும் இருப்பார்கள், அதனால் சிறுநீரின் அளவு குறைந்து அடர்த்தி இன்னும் கூடும். விண்வெளி வீரர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் அபாயம் அதிகம் என்று மருத்துவர்கள் கவலைப்படுவதும் இதே காரணத்தால்தான். உடம்புக்குள் கல்லாக உறையப் பார்க்கும் அதே கால்சியம், உடம்பை விட்டு வெளியேறிய பிறகு இயந்திரத்துக்குள் கல்லாக உறைந்தது.

இங்கே எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது, வெளியாட்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. 70 சதவீதம் தண்ணீரை எடுத்தால் மிச்சம் 30, ஆகவே கரைந்திருந்த எல்லாம் மூன்றேகால் மடங்குக்கு மேல் அடர்த்தியாகிறது. 75 எடுத்தால் நான்கு மடங்கு. 85 எடுத்தால் ஆறரை மடங்குக்கு மேல். பார்ப்பதற்கு 75-லிருந்து 85 என்பது பத்து சதவீத வித்தியாசம், கரைசலுக்கு அது நான்கு மடங்கிலிருந்து ஏறக்குறைய ஏழு மடங்குக்குத் தாவல். கால்சியம் சல்பேட் தண்ணீரில் லேசாகத்தான் கரையும். அமிலம் சல்பேட்டைத் தாராளமாகக் கொடுத்துவிட்டது, எலும்பு கால்சியத்தைக் கொடுத்தது. தரையில் இருப்பவர்களின் சிறுநீரில் ஆறரை மடங்கிலும் எல்லைக்குள் நின்ற கரைசல், மேலே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டிய கணத்தில் படிகம் பிறக்கும், பிறந்தது சுவரில் ஒட்டும், ஒட்டியதன் மேல் அடுத்தது வளரும்.

உண்மையைச் சொன்னால், அந்த இயந்திரத்துக்கு அதற்கு முன்பே நல்ல காலம் இல்லை. 2008 நவம்பரில் பொருத்திய உடனே சில மணி நேரம் ஓடும், நின்றுவிடும். விண்வெளி வீரர்கள் மைக் ஃபிங்க்கும் டான் பெட்டிட்டும் அதன் அடியில் இருந்த அதிர்வு தாங்கும் ரப்பர்களைக் கழற்றிவிட்டு, நேரடியாகச் சட்டத்தில் இறுக்கிப் பார்த்தார்கள், ஓடியது. ஆனால் அந்தக் காய்ச்சும் உருளையும் நீடிக்கவில்லை, 2009 மார்ச்சில் மாற்று உருளை வந்தது. அந்த ஆண்டு மே 20 அன்று, மீட்ட தண்ணீரைக் குடிக்கலாம் என்று அனுமதி கிடைத்து, ஜென்னடி படால்கா, மைக் பாரட், கோயிச்சி வகாட்டா மூவரும் பைகளை உயர்த்திக் குடித்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஆட்கள் ஆறு பேரானார்கள். பிறகு சில மாதங்களில்தான் இந்த ஜிப்சம். புதிய உருளை 2010 பிப்ரவரியில் போய்ச் சேரும்வரை சிறுநீரைச் சேமித்துவைப்பதைத் தவிர வழியில்லை.

பழுதான பாகத்தைப் பிரித்துப் பார்த்துக் காரணம் தெரிந்ததும் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுதான், பேராசையைக் குறைப்பது. 85-ஐ விட்டுவிட்டு 70, 75 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு பேரின் சிறுநீரும் இந்த இயந்திரத்துக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 9 லிட்டர். 85 சதவீதத்தில் 7.65 லிட்டர் தண்ணீர் கிடைக்கும், 70 சதவீதத்தில் 6.3 லிட்டர். தினம் 1.35 லிட்டர் நஷ்டம், வருஷத்துக்கு ஏறக்குறைய 490 லிட்டர். இந்த அளவைப் பூமியிலிருந்து ராக்கெட்டில் ஏற்ற வேண்டும், கூடவே அடர்கரைசல் நிரம்பும் தொட்டிகளையும் அடிக்கடி மாற்ற வேண்டும். எங்கள் ஆலையில் மீட்பு ஒரு சதவீதம் குறைந்தால் மேலாளர் முகம் மாறும். அங்கே பதினைந்து சதவீதத்தை விட்டுக்கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள்.

நிரந்தரத் தீர்வை எந்தப் பக்கம் தேடுவது? எலும்பு கரைவதை ஒரேயடியாக நிறுத்த முடியாது. அதே 2008 நவம்பர் விண்கலத்தில்தான் எடை தூக்குவது போன்ற உடற்பயிற்சிக்கான புதிய கருவியும் போனது, அது எலும்பு இழப்பை வெகுவாகக் குறைத்தது என்றாலும் சிறுநீரில் கால்சியம் கூடுவது நிற்கவில்லை. கால்சியத்தை மட்டும் ரெசின் என்ற, கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளை வைத்துப் பிடிக்கலாம், எங்கள் ஆலையில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், அங்கே அதற்கு உப்பும் இல்லை, கழுவிய நீரை வைக்க இடமும் இல்லை. ஆகவே மறுபாதியைத் தொட்டார்கள். சல்பேட் வருவது கந்தக அமிலத்திலிருந்துதானே, அமிலத்தையே மாற்றினால் என்ன? கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். அமிலத்தன்மை அதே அளவில் நிற்கும், கிருமிக்குக் குரோமியம் இருக்கிறது, புதிதாகச் சல்பேட் சேராது. கால்சியம் பாஸ்பேட் படியாதா என்று கேட்கலாம், அந்தக் கடுமையான அமிலத்தில் அது கரைந்தே இருக்கும். கழிவறையில் சேர்க்கும் திரவத்தை மாற்றியதில், கீழே இருந்த இயந்திரம் மறுபடி 85 சதவீதத்துக்குத் திரும்பியது. இந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. இயந்திரத்தை மாற்றிக் கட்டலாம் என்று வருடக்கணக்கில் அலையாமல், பிரச்சினை தொடங்கும் இடத்தைத் தேடிப் போனார்கள்.

சரி, காய்ச்சி வடித்த தண்ணீர் உடனே குடிக்கத் தகுந்ததா? இல்லை. காற்றிலிருந்து பிடித்த ஈரத்தோடு அதைச் சேர்த்து, அடுத்த இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே தூசி வடிகட்டி, பிறகு கரியும் ரெசினும் நிரப்பிய படுகைகள், பிறகு சுமார் 130 டிகிரியில் ஆக்சிஜன் சேர்த்து மிச்சக் கரிமப் பொருளை எரிக்கும் வினைகலன், கடைசியில் கிருமி வளராமல் இருக்க அயோடின். முடிவில் நீரின் மின்கடத்தும் திறனை ஒரு சென்சார் அளக்கும். உப்பு தங்கியிருந்தால் மின்சாரம் கடத்தும், உடனே அந்த நீர் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பப்படும்.

இந்தக் காவலனையும் ஒருமுறை ஒரு பொருள் தாண்டிப் போனது. 2010-இல் நிலையத்தில் இருக்கும் இன்னொரு கருவி, தண்ணீரில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு என்று சொல்லும் கருவி, மெதுவாக ஏறும் அளவுகளைக் காட்டத் தொடங்கியது. அனுமதி எல்லை லிட்டருக்கு 3 மில்லிகிராம். வாரத்துக்கு வாரம் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மின்கடத்தல் சென்சாரோ தண்ணீர் அருமையாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு கருவி இரண்டு விதமாகப் பேசினால், நான் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான். ஆனால் இங்கே இரண்டும் உண்மையைத்தான் சொன்னது. வந்திருந்த பொருளுக்கு மின்சுமையே இல்லை, அதனால் கடத்தல் சென்சாருக்கு அது தெரியாது. கார்பன் இருக்கிறது, அதனால் மற்றக் கருவிக்குத் தெரியும். என்ன பொருள் என்று மட்டும் மேலே எதுவும் சொல்லாது, மாதிரித் தண்ணீர் பூமிக்கு வந்து ஆய்வகத்துக்குப் போனபோதுதான் பெயர் தெரிந்தது. டைமெத்தில் சிலேன்டையால்.

அது எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். அக்குளுக்குப் பூசும் டியோடரன்ட், தோலுக்கான லோஷன், தலைமுடிக்கான பொருட்கள், இவற்றில் சிலிக்கோன் வகைச் சேர்மங்கள் உண்டு. நிலையத்துக்குள் இருக்கும் சில பசைகளிலும் உண்டு. அவை ஆவியாகிக் காற்றில் மிதக்கும். வீட்டில் என்றால் ஜன்னல் வழியாகப் போய்விடும். அங்கே காற்று எங்கும் போவதில்லை, ஈரத்தைப் பிடிக்கும் அந்தக் குளிர்ந்த தகடுகளுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். ஈரத்தோடு சேர்ந்து வேறு உருவெடுத்து, தண்ணீரில் நன்றாகக் கரையும் ஒரு சிறு மூலக்கூறாகிவிடுகிறது. கரிப் படுகையில் அது சரியாகப் பிடிபடுவதில்லை, ரெசின் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டுக் கைவிட்டுவிடும், வினைகலனும் அதை முழுதாக எரிப்பதில்லை. நல்லவேளை, அந்த அளவில் உடம்புக்குத் தீங்கில்லை என்று ஆராய்ந்து சொன்னார்கள். ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது, ஏனென்றால் மொத்தக் கார்பன் காட்டும் கருவியை இது நிரப்பிவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே விஷமான ஒன்று வந்தாலும் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும். அதனால் படுகைகளை அவற்றின் ஆயுள் முடிவதற்கு முன்பே மாற்ற வேண்டிவந்தது. பிற்பாடு காற்று வடிகட்டிகளிலேயே கரியைச் சேர்த்து, அந்தச் சேர்மங்களைத் தண்ணீருக்கு வருமுன் பிடிக்கும் வழிக்குப் போனார்கள். இங்கேயும் அதே புத்திதான், கழிவறையில் அமிலத்தை மாற்றியது மாதிரி, தொடக்கத்திலேயே பிடிப்பது.

இப்போது மிஞ்சிய அந்தப் பதினைந்து சதவீதத்துக்கு வருவோம். கரும்பழுப்பில், அமிலமும் குரோமியமும் உப்பும் செறிந்த கரைசல். நீண்ட காலம் அதைத் தொட்டிகளில் அடைத்து, போகிற சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கலம் வளிமண்டலத்தில் எரியும், கூடவே அந்தத் தண்ணீரும் போகும். இதை உருளைக்குள் இன்னும் காய்ச்ச முடியாது, காய்ச்சினால் படியும், படிந்தால் கம்ப்ரெஸரும் உருளையும் பம்பும் எல்லாம் நிற்கும். எங்கள் ஊரில் இந்தக் கட்டத்தில் கரைசலைத் தனியாக ஒரு படிகமாக்கும் கலனுக்குக் கொண்டுபோய், உப்பாகவே வெளியே எடுப்போம், கட்டி கட்டியாக வந்தாலும் மண்வெட்டியால் அள்ளிவிடலாம். எடையின்மையில் அள்ள முடியாது, நச்சுத்தூள் ஒன்று அறைக்குள் மிதந்தால் கண்ணிலும் மூச்சிலும் போகும்.

2021-இல் போன பிரைன் பிராசஸர் என்ற, அடர்கரைசலைக் காயவைக்கும் கருவி இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கரைசலை ஒரு பைக்குள் ஊற்றுகிறார்கள். பை ஒரு விசேஷச் சவ்வால் ஆனது, நீராவி அதன் வழியாக வெளியேறும், திரவமும் உப்பும் வெளியேறாது. பையைச் சுற்றிச் சூடான உலர்ந்த காற்றை ஓட்டுகிறார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிச் சவ்வைத் தாண்டி அறைக் காற்றில் சேருகிறது. பிறகு அதைப் பிடிக்கத் தனி இயந்திரம் வேண்டாம், வியர்வை ஈரத்தைப் பிடிக்கும் அதே குளிர்ந்த தகடுகள் இதையும் பிடித்து, அதே சுத்திகரிப்புக்கு அனுப்பிவிடும். ஒரு பை காய மூன்று வாரத்துக்கும் மேல் ஆகும். கடைசியில் பைக்குள் உப்பும் பிசுக்கும் மட்டும் மிஞ்சும், பையோடு கழற்றி எறிந்துவிடலாம். படியட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் படியட்டும், படிவது தூக்கி எறியப்போகிற பையில்தானே என்ற யோசனை. சுழலும் பாகம், அடைபடும் குழாய் எதையும் அந்தக் கெட்ட கரைசல் தொடுவதே இல்லை.

2023 ஜூனில், இந்தப் பை வழியையும் சேர்த்து மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டதாக நாசா அறிவித்தது. அதற்கு முன் 93, 94-இல் நின்றிருந்தது. நான்கைந்து சதவீதம் கூடியதற்கு ஏன் கொண்டாட்டம் என்று சிலர் கேட்டார்கள். இழப்பின் பக்கமிருந்து பாருங்கள். நூறு லிட்டருக்கு ஆறு லிட்டர் போய்க்கொண்டிருந்தது, இப்போது இரண்டு லிட்டர்தான் போகிறது. பூமியிலிருந்து ஏற்ற வேண்டியது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

ஆனால் காற்றின் பக்கம் இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரைப் பிளக்கும்போது ஆக்சிஜனோடு ஹைட்ரஜனும் வருகிறது. மனிதர்கள் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை அந்த ஹைட்ரஜனோடு சேர்த்தால் மறுபடி தண்ணீர் கிடைக்கும். வினை இது:

```
CO2 + 4 H2 → CH4 + 2 H2O
```

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்காக இரண்டு தண்ணீரைப் பிளந்தால் கையில் கிடைப்பது இரண்டு ஹைட்ரஜன். ஒரு கார்பன் டை ஆக்சைடை மாற்ற நான்கு ஹைட்ரஜன் வேண்டும். ஆகவே மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைத்தான் மீட்க முடியும், மீதி வெளியே போய்விடும். மீத்தேனோடு சேர்ந்து ஹைட்ரஜனும் போய்விடுகிறது. இதைச் செய்யும் கருவி 2010-இல் மேலே போனது, சில ஆண்டுகள் ஓடிய பிறகு பழுதாகிப் பூமிக்குத் திரும்பியது. மீத்தேனைச் சிதைத்து அந்த ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்தால்தான் இந்த வட்டம் மூடும், அதில் கார்பன் கரியாகப் படியும், அந்தக் கரி மறுபடி எதையாவது அடைக்கும். தரையில் சோதனைகள் நடக்கின்றன.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது வேதியியல் அல்ல, பம்பு. 2024 மே மாதக் கடைசியில் சிறுநீர் இயந்திரத்தின் ஒரு பம்பு பழுதானது. சில நாட்களில் கிளம்பவிருந்த ஸ்டார்லைனர் கலத்தில், புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ் இருவரின் துணிமணி வைத்திருந்த பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மாற்றுப் பம்பை ஏற்றினார்கள். ஜூன் 5 அன்று கலம் கிளம்பியது, மறுநாள் நிலையத்தோடு இணைந்தது. அதுவரை சிறுநீரைப் பைகளில் சேமித்தார்கள். இடம் நிரம்புவதற்குள் பம்பு போய்ச் சேர்ந்தது.

தரையிலிருந்து கலம் கிளம்பி ஒரு நாளில் போய்ச் சேரும் தூரத்தில் நிலையம் இருப்பதால் இது முடிந்தது. செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறேழு மாதம் ஆகும், இரண்டு கோள்களும் வசதியான இடத்துக்கு வருவது சுமார் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை. வழியில் ஒரு பம்பு நின்றால் அடுத்த கலத்தில் அனுப்புகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் எத்தனை பம்பு, எத்தனை உருளை, எத்தனை ரெசின் படுகை கையோடு எடுத்துப் போவது? அவற்றின் எடை, மறுசுழற்சியால் மிச்சமாகும் தண்ணீரின் எடையைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? 98 சதவீதம் என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் நான் அடுத்துத் தேடுவது, அந்த எண்ணை எட்ட வருஷத்துக்கு எத்தனை கிலோ உதிரிப்பாகம் மேலே போகிறது என்ற கணக்கைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த இயந்திரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எங்களைப் போன்ற எவாப்பரேட்டர்காரர்களுக்குப் புரியும்.